சட்டைக்கு 300 வாங்கினால் மாதம் எத்தனை தைக்க வேண்டும்?

கேள்வி: சின்னத் தையல் கடை வைத்திருக்கிறேன். அளவெடுப்பதும் வெட்டுவதும் நான். இரண்டு பேர் பீஸ் கூலிக்குத் தைக்கிறார்கள், சட்டைக்கு 120. நான் வாங்குவது 300. வாடகை, கரண்ட் எல்லாம் சேர்த்து மாதம் 9,000. என் கணக்குப்படி 50 சட்டை தைத்தாலே செலவு வந்துவிட வேண்டும். மாதம் 175 தைத்துக் கொடுத்தும் கையில் ஒன்றும் நிற்கவில்லை. 340 ஆக்கலாம் என்றால் பக்கத்துக் கடையில் 280தான். என்ன செய்வது?

பதில்: நீங்கள் 300இல் 120 கூலியைக் கழித்து மிச்சம் 180 என்று வைத்து, 9,000ஐ அதால் வகுத்திருக்கிறீர்கள். வகுத்த முறை சரிதான். வகுக்க எடுத்துக்கொண்ட இரண்டு எண்களும்தான் தப்பு. மிச்சம் 180 இல்லை, மாதச் செலவும் 9,000 இல்லை.

முதலில் அந்த 180ஐப் பார்ப்போம். ஒரு சட்டை கடைக்குள் வந்து கவரில் போட்டுக் கொடுக்கும்வரை, அந்தச் சட்டைக்காக மட்டும் என்னென்ன போகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தச் சட்டை வந்திருக்காவிட்டால் எது செலவாகியிருக்காதோ, அது மட்டும் இந்தத் தாளில் வரவேண்டும். தையல் கூலி 120. காஜா எடுத்துப் பட்டன் கட்டக் கொடுப்பது 20 என்று வைத்துக்கொள்வோம். காலருக்கும் கஃப்புக்கும் கேன்வாஸ் 12, பட்டன் 8, நூல் 5, இஸ்திரிக்கும் கவருக்கும் 10. நீங்கள் சொல்லாத இடங்களில் நானாக எண் போட்டிருக்கிறேன், உங்கள் பில்லைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

நூலுக்கு 5 அதிகம் என்று தோன்றலாம். சாதாரணத் தையலில், தைத்த நீளத்தைப் போல் சுமார் இரண்டரை மடங்கு நூல் போகும், ஏனென்றால் மேலே ஊசி நூல், கீழே பாபின் நூல் இரண்டும் ஓடுகின்றன. மூன்று நூல் ஓவர்லாக்கில் அது பத்து மடங்குக்கும் மேல். ஒரு கோன் எத்தனை சட்டைக்கு வருகிறது என்று ஒரே ஒரு முறை எண்ணிப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

இன்னொரு வரி உண்டு, அதை யாரும் எழுதுவதில்லை. கெட்டுப்போகும் துணி. காலர் சுருங்கிப்போனது, இஸ்திரி சுட்டது, பாக்கெட் இடம் மாறி வெட்டியது என்று எப்போதோ ஒன்று நடக்கும், துணிக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். நூறு சட்டைக்கு ஒன்று இப்படிப் போய், துணிக்கு 500 கொடுத்தால், சட்டைக்கு 5 ஆகிறது. வராத மாதத்திலும் இந்த 5ஐ எழுதிவிடுங்கள். வரும் மாதத்தில் மொத்தமாக வரும்.

கூட்டினால் 180. அதாவது 300இல் செலவு 180, மிச்சம் 120. நீங்கள் தலைகீழாக நினைத்துக்கொண்டிருந்தீர்கள். இந்த 120தான் வாடகைக்கும் மற்றதற்கும் போய்ச் சேரும் பணம்.

இப்போது அந்த 9,000. அதில் மெஷின் தேய்மானம், ரிப்பேர் எல்லாம் சேர்ந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்கிறேன். ஒரு மெஷின் 24,000 என்றால், ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 400. இரண்டு மெஷினுக்கு 800. உங்கள் தாளில் இது இல்லையென்றால் சேர்த்துவிடுங்கள். அது போகட்டும், பெரிய ஓட்டை வேறு இடத்தில். உங்கள் கூலி எங்கே?

நான் கடை போட்ட முதல் இரண்டு வருடம் என் கூலியை எழுதவே இல்லை. ‘மிஞ்சுவது நமக்குத்தானே’ என்ற நினைப்பு. மிஞ்சாத மாதத்தில் கடை நஷ்டம் என்று தெரியவில்லை, வீட்டில்தான் தெரிந்தது. நீங்கள் வேறொரு கடையில் கட்டிங் மாஸ்டராகப் போனால் என்ன சம்பளம் தருவார்களோ, அதுதான் உங்கள் கூலி. மாதம் 15,000 என்று வைப்போம். அதை வாடகைக்குப் பக்கத்தில் எழுதுங்கள். சட்டை வந்தாலும் வராவிட்டாலும் நீங்கள் கடையில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும் என்பதால் அதுவும் மாதச் செலவுதான்.

ஆக மாதச் செலவு 24,000. சட்டைக்கு மிச்சம் 120. வகுத்தால் 200.

மாதம் 200 சட்டை கொடுத்தால்தான் லாபமும் நஷ்டமும் இல்லாத பிரேக் ஈவன். உங்கள் கூலியைக் கணக்கில் எடுக்காமல் வெறும் கடைச் செலவை மட்டும் பார்த்தால் 9,000ஐ 120ஆல் வகுத்து 75. இந்த இரண்டு எண்ணையும் சுவரில் எழுதி வையுங்கள். 75க்குக் கீழே போனால் கடையைத் திறந்து வைக்கவே கைக்காசு போடுகிறீர்கள். 75க்கும் 200க்கும் நடுவில் இருந்தால் கடை நடக்கிறது, ஆனால் அதற்கு நீங்கள் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்க்கிறீர்கள். இப்போது நீங்கள் நிற்பது இந்த நடுவில்தான். 175 சட்டைக்கு 120 வீதம் 21,000 வருகிறது, அதில் 9,000 போக 12,000 வீட்டுக்கு. வேறு கடையில் 15,000 கிடைத்திருக்கும். கையில் ஒன்றும் நிற்காததற்கு இதுதான் காரணம்.

‘சரி, அப்போ இன்னும் 25 சட்டை பிடித்தால் போதுமே’ என்பீர்கள். இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். எத்தனை தைக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறவர்கள், எத்தனை தைக்க முடியும் என்று பார்ப்பதில்லை.

ஒரு ஆள் சட்டை ஒன்றை முழுசாகத் தைக்க 100 நிமிடம் என்று எடுத்துக்கொள்வோம். ஒன்பது மணி நேரம் கடையில் இருந்தாலும் சாப்பாடு, டீ, நூல் அறுவது, பாபின் மாற்றுவது, திரும்பி வந்த சட்டையைப் பிரித்துத் தைப்பது எல்லாம் போக ஏழரை மணி நேரம்தான் புதுத் தையலுக்கு நிற்கும். 450 நிமிடம், அதாவது நாலரைச் சட்டை. இரண்டு பேருக்கு 9. மாதம் 26 நாள் என்றால் 234. அதுதான் உங்கள் கடையின் கூரை. வெட்டவும் அளவெடுக்கவும் செக் பண்ணவும் சட்டைக்கு 35 நிமிடம் உங்களுக்கு ஆகும் என்றால், 9 சட்டைக்கு ஐந்தேகால் மணி நேரம். மிச்ச நேரம் கவுன்டருக்கு. நீங்களும் அதற்கு மேல் தாங்க மாட்டீர்கள்.

இந்த 100 நிமிடம் என்பதை நம்பிவிடாதீர்கள், ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். துணிக்கட்டோடு ஒரு சீட்டைக் கட்டி, எடுத்த நேரமும் முடித்த நேரமும் எழுதச் சொன்னால் போதும். ஆளை வேவு பார்க்கிற மாதிரி ஆகிவிடக் கூடாது, ‘ரேட் போடுவதற்காக’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்போது ஒன்று கண்ணில் படும். பிளெயின் துணியும் பெரிய கட்டம் போட்ட துணியும் ஒரே ரேட்டில் போய்க்கொண்டிருக்கும். கட்டத் துணியில் முன்பட்டி இரண்டு பக்கமும் கோடு நேராக வரவேண்டும், பாக்கெட் மேலே வைத்தால் கட்டம் உடைந்து தெரியக் கூடாது, பாக்கெட்டைத் துணியில் நகர்த்தி நகர்த்தி வெட்ட வேண்டும். தைப்பவர் பட்டியைக் குண்டூசி குத்திப் பிடித்துத்தான் ஓட்டுவார். அரை மணி நேரம் கூடுதலாகவே போய்விடும். அந்த அரை மணி நேரத்துக்கு யாரும் உங்களுக்குப் பணம் தரவில்லை. கட்டத் துணிக்குத் தனி ரேட் போட வெட்கப்பட வேண்டியதில்லை.

இப்போது 200ஐயும் 234ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் 34 சட்டைதான் இருக்கிறது. டல் மாதத்தில் 120 சட்டைதான் வந்தது என்றால் 80 குறைகிறது. சீசன் மாதத்தில் இரண்டு பேரும் நிமிராமல் தைத்தாலும் மிஞ்சுவது 34. ஒரு டல் மாதம் போட்ட பள்ளத்தை மூட இரண்டு முழுச் சீசன் மாதமும் போதாது. ராத்திரி உட்கார்ந்து தைக்கலாம், ஆனால் ராத்திரிக் கூலி கூட, தப்பும் கூட, எனவே அந்தச் சட்டையில் மிச்சம் 120ஐ விடக் குறைவாகவே இருக்கும். அதனால்தான் சொல்கிறேன், 300இல் வாடிக்கையாளரைக் கூட்டுவது மட்டும் உங்களுக்குத் தீர்வாகாது.

340 வைத்தால்? செலவு அதே 180, மிச்சம் 160. 24,000ஐ 160ஆல் வகுத்தால் 150. ரேட் ஏறியது ஏழில் ஒரு பங்குக்கும் குறைவு, பிரேக் ஈவன் இறங்கியது கால் பங்கு. ஏற்றிய 40 முழுவதும் மிச்சத்தில் போய்ச் சேர்வதால் இப்படி ஆகிறது. டல் மாதத்து 120க்கு இப்போது பள்ளம் 30தான், சீசனில் மிஞ்சுவது 84. ஒரு சீசன் மாதம் கிட்டத்தட்ட மூன்று டல் மாதத்தைத் தூக்கிவிடும். கடை அதே கடை, ஆட்களும் அதே ஆட்கள்.

பக்கத்துக் கடைக்காரர் மாதிரி 280 வைத்தால் மிச்சம் 100, பிரேக் ஈவன் 240. உங்கள் கூரை 234. அதாவது கடை நிரம்பி வழிந்தாலும், ஒரு நாள்கூட மெஷின் சும்மா இல்லாவிட்டாலும், உங்கள் சம்பளம் முழுசாக வராது. அவருக்கு மட்டும் எப்படிக் கட்டுப்படியாகிறது? சொந்தக் கட்டடமாக இருக்கலாம், அவரே மெஷினில் உட்கார்ந்து 120ஐ மிச்சம் பிடிக்கலாம், கேன்வாஸ் மட்டமாகப் போடலாம். இல்லை, என்னைப் போல அவரும் தன் கூலியை எழுதாதவராக இருக்கலாம். எதுவாயிருந்தாலும் அவர் ரேட் அவர் செலவிலிருந்து வந்தது. அதை எடுத்து உங்கள் வாடகைமேல் வைத்தால் பொருந்தாது.

இனி உங்கள் உண்மையான பயத்துக்கு வருகிறேன். ரேட் ஏற்றினால் ஆட்கள் போவார்கள், போகத்தான் செய்வார்கள். எத்தனை பேர் போனால் தாங்கும் என்பதுதான் கேள்வி, அதற்கும் கணக்கு உண்டு. இப்போது 175 சட்டையில் 21,000 மிச்சம் வருகிறது. மிச்சம் 160 ஆனால் அதே 21,000க்கு 132 சட்டை போதும். அதாவது 43 சட்டை குறைந்தாலும், நூற்றுக்கு இருபத்து நாலு போனாலும், உங்கள் கையில் இன்று இருப்பது குறையாது. வேலைதான் குறைகிறது.

ஆனால் இதில் ஒரு சிக்கல். ரேட்டை ஏற்றியது தைப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்காது, மறுநாளே ‘எங்களுக்கு?’ என்று கேட்பார்கள். கேட்பது நியாயமும்கூட, சட்டை குறைந்தால் அவர்கள் கூலியும் குறைகிறதே. சட்டைக்கு 10 சேர்த்துக் கொடுக்கிறீர்கள் என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள். செலவு 190, மிச்சம் 150, பிரேக் ஈவன் 160. இன்றைய வருமானம் குறையாமல் இருக்க 140. இழக்கக் கூடியது 43 இல்லை, 35. நான் என்றால் இந்த எண்ணைத்தான் நம்புவேன்.

ஒருவரை மாதச் சம்பளத்துக்கு மாற்றிவிடலாமா என்றும் சிலர் யோசிப்பார்கள். செய்யலாம், ஆனால் அவர் கூலி அன்றோடு பீஸ் செலவிலிருந்து மாதச் செலவுக்குத் தாவிவிடும். அவர் கைக்கு எப்போதும் வேலை இருந்தால் வித்தியாசம் தெரியாது. டல் மாதத்தில் அவர் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நாளும் உங்கள் பாக்கெட்டிலிருந்து போகும். உங்கள் கடை இருக்கும் நிலையில் பீஸ் கூலியே பாதுகாப்பு.

பேண்ட், ஆல்டரேஷன் எல்லாம் வருமே, அதை எப்படிக் கணக்கில் சேர்ப்பது? எல்லாவற்றையும் சட்டையாக மாற்றிப் பார்ப்பதைவிட, மெஷின் மணி நேரமாக மாற்றுவது சுலபம், ஏனென்றால் உங்களிடம் கம்மியாக இருப்பது அதுதான். 175 சட்டை 100 நிமிட வீதம் என்றால் மாதம் சுமார் 292 மெஷின் மணி நேரம் ஓடுகிறது. 24,000ஐ 292ஆல் வகுத்தால் 82. மெஷினில் ஏறும் எந்தத் துணியும், அதன் சொந்தச் செலவு போக, மணிக்கு 82 கொடுத்தால்தான் உங்களுக்குச் சமம்.

சட்டைக்கு இதைப் போட்டுப் பாருங்கள். 100 நிமிடத்துக்கு 137, அதோடு செலவு 180. மொத்தம் 317. இன்றைய ஓட்டத்தில் நீங்கள் வாங்கியிருக்க வேண்டியது இதுதான். ஒவ்வொரு சட்டையிலும் 17 குறைவாக வாங்கி, 175 சட்டையில் ஏறத்தாழ 3,000 விட்டிருக்கிறீர்கள். மேலே சொன்ன 15,000க்கும் 12,000க்கும் உள்ள வித்தியாசம் இங்கே வந்து நிற்கிறது.

பேண்டுக்கு 380 வாங்குகிறீர்கள் என்று வைப்போம். கூலி, ஜிப், பாக்கெட் துணி, கேன்வாஸ், ஹூக் எல்லாம் சேர்ந்து 230. மிச்சம் 150, சட்டையை விட அதிகம். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்கு 140 நிமிடம் போகிறது, மணிக்கு 64தான். சட்டை மணிக்கு 72 தருகிறது. பேண்டில்தான் லாபம் என்று பேண்டைத் தேடி ஓடினால் மாதக் கடைசியில் இன்னும் கொஞ்சம் குறையும். பேண்டுக்கு 230ம், 140 நிமிடத்துக்கு 191ம் சேர்த்து 421 ஆவது வாங்க வேண்டும்.

கால் நீளம் குறைக்கும் ஆல்டரேஷனுக்கு 40 வாங்கி, கூலியும் நூலும் 16 போனால் மிச்சம் 24. பார்த்தால் சில்லறை. 12 நிமிட வேலை, மணிக்கு 120 ஆகிறது. பெரிய வேலை இருக்கும்போது ஆல்டரேஷனை விரட்டிவிடுகிறவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. ஒரே எச்சரிக்கை, வாங்கி வைப்பது, குறிப்பது, திருப்பிக் கொடுப்பது என்று கவுன்டரில் உங்கள் நேரத்தைத் தின்னும். ஒரு நாளைக்கு இத்தனைதான், இந்த நேரத்தில்தான் என்று வைத்துக்கொண்டால் தாங்கும்.

இன்னும் ஒன்று. 175 என்று சொன்னீர்களே, அது தைத்ததா, கொடுத்ததா? நீங்கள் ‘தைத்துக் கொடுத்தும்’ என்று எழுதியிருப்பதால் கொடுத்ததையே எண்ணுகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் கம்பியில் தொங்கும் சட்டைகளை இன்று எண்ணிப் பாருங்கள். 12 சட்டை யாரும் வாங்காமல் தொங்கினால், 180 வீதம் 2,160 உங்கள் காசு அங்கே தொங்குகிறது. கூலி கொடுத்தாயிற்று, காஜாவுக்குக் கொடுத்தாயிற்று. பிரேக் ஈவனுக்குக் கணக்கு, பணம் வாங்கிக் கையில் கொடுத்த சட்டை மட்டும்தான். அளவெடுக்கும்போதே முன்பணம் வாங்குங்கள். 180க்குக் குறையாமல் வாங்கினால் தொங்கினாலும் தூக்கம் போகாது. புது ரேட்டில் 190.

ரேட் மாற்றும்போது ஏற்கெனவே பில் போட்ட துணிக்குப் பழைய ரேட்டே இருக்கட்டும், இன்ன தேதியிலிருந்து புது ரேட் என்று எழுதித் தொங்கவிடுங்கள். டல் மாதம் ஆரம்பிக்கும்போது ஏற்றினால், வராதவர்கள் ரேட்டால் வரவில்லையா, சீசன் இல்லாததால் வரவில்லையா என்று உங்களுக்கே புரியாது. அதனால் ஓட்டம் சாதாரணமாக இருக்கும் மாதத்தில் செய்யுங்கள். முதல் மாதக் கணக்கைப் பார்த்துப் பதற வேண்டாம், விலை கேட்டுவிட்டுப் போனவர்களில் சிலர் திரும்பி வருவார்கள். பில் புக்கில் பழைய வாடிக்கையாளர் பெயருக்கு எதிரே ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வாருங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து 140க்குக் கீழே போய், அதில் புள்ளி வைத்த பெயர்களே குறைகின்றன என்றால் 340 உங்கள் இடத்துக்கு அதிகம், 320க்கு இறங்கி, தையல் கூலி 130ஆகவே இருக்க மிச்சம் 130 வைத்து மறுபடி வகுத்துப் பாருங்கள், 185 வரும். 140க்கு மேலே நின்றால் விட்டுவிடுங்கள், பக்கத்துக் கடையின் போர்டைப் பார்க்க வேண்டாம்.